தரையைப் பார்த்தே நிற்கும் ட்ரோன்

கல்யாண மண்டபத்து வாசலில் ரிமோட்டின் குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் ட்ரோன் அந்தரத்தில் அப்படியே நிற்கும். ஜிபிஎஸ்ஸை மட்டுமே நம்பும் ட்ரோனை உள்ளே கொண்டுபோய்ப் பறக்கவிட்டால் கதை மாறிவிடும். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல், கான்கிரீட் கூரையைத் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடுகிறது. ஏசி காற்று லேசாகத் தள்ளினாலே போதும், ட்ரோன் சுவரை நோக்கி நகரத் தொடங்கும்.

அதற்குள்ளேயே அசைவை உணரும் முடுக்கமானி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அதில் புவியீர்ப்பின் இருநூற்றில் ஒரு பங்கு பிழை இருந்தாலும், பத்தே நொடியில் கணக்கு இரண்டரை மீட்டர் தவறிவிடும். அதை மட்டும் நம்பி யாரும் பந்தலுக்குள் பறக்க முடியாது.

இதற்கான தீர்வு ட்ரோனின் வயிற்றில் இருக்கிறது. ஸ்வீடனின் பிட்கிரேஸ் நிறுவனம் செய்யும் கிரேஸிஃப்ளை என்ற குட்டி ட்ரோனின் எடை 27 கிராம்தான். அதன் அடியில் மாட்டும் ‘ஃப்ளோ டெக்’ என்ற பலகையில் இரண்டு சில்லுகள் உள்ளன. ஒன்று, PMW3901 என்ற கேமரா. கணினி மவுஸுக்கான சென்சார் செய்யும் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் தயாரிப்பு இது; மவுஸ் மேஜையைப் பார்ப்பதுபோல இது தரையைப் பார்க்கிறது. படம் எடுத்து வைப்பது இதன் வேலை அல்ல. நொடிக்கு நூறு தடவைக்கு மேல் தரையைப் பார்த்து, போன தடவைக்கு இப்போது காட்சி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறது. இன்னொன்று VL53L1x. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியைத் தரையில் அடித்து, அது திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்து உயரத்தைச் சொல்லும். நான்கு மீட்டர் வரை எட்டும்.

இரண்டும் ஏன் வேண்டும்? பேருந்தில் போகும்போது சாலையோரப் புளியமரம் விருட்டென்று ஓடும், தூரத்து மலை அசையவே அசையாது. வேகம் ஒன்றுதான், தூரம்தான் வேறு. தரைக்காட்சி நொடிக்கு 10 டிகிரி நகர்வதாகக் கேமரா சொன்னால், ஒரு மீட்டர் உயரத்தில் அது நொடிக்கு 17 சென்டிமீட்டர் நகர்வு. இரண்டு மீட்டர் உயரத்தில் 35. உயரம் தெரியாமல் வேகம் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ட்ரோன் நின்ற இடத்திலேயே சாய்ந்தாலும் தரை நகர்வதாகத்தான் கேமராவுக்குத் தோன்றும். அதனால் எவ்வளவு சாய்ந்தது என்று ஜைரோ சொல்வதைக் கழித்துவிட்டு, மிஞ்சியதையே நகர்வாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கழித்தல் சரியாக வராவிட்டால், சாயும்போதெல்லாம் இல்லாத நகர்வைத் திருத்தப்போய் ட்ரோன் தள்ளாடும்.

சரிபார்ப்பது சுலபம். ஆர்டுபைலட் மென்பொருளில் ஓடும் ட்ரோன் என்றால், இறக்கைகளைக் கழற்றிவிட்டு, கையில் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் 15 டிகிரி வரை சில தடவை சாய்க்க வேண்டும். பிறகு பதிவில் `OF.flowX`, `OF.bodyX` என்ற இரு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது கேமரா சொன்னது, அடுத்தது ஜைரோ சொன்னது. இரண்டும் ஒட்டிப்போனால் சரி. கேமராவின் கோடு பத்தில் ஒன்பது பங்கு உயரமே இருந்தால் `FLOW_FXSCALER` அளவை 110 அளவில் கூட்ட வேண்டும். அது ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கு. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கினால் சென்சாரைத் திசைமாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படியே பறக்கவிட்டால் ட்ரோன் விலகலைத் திருத்துவதற்குப் பதில் கூட்டிக்கொண்டே போகும்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் தரை காலை வாரிவிடலாம். கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது புள்ளியோ கீறலோ கோலமோ வேண்டும். பளிச்சென்ற வெள்ளை டைல்ஸில் அது கிடையாது. மெருகேற்றிய கிரானைட் இன்னும் மோசம், மேலே தொங்கும் விளக்கின் பிம்பத்தையே தரை என்று நம்பிவிடும். பழைய ஜமுக்காளம்தான் இதற்கு உத்தமமான தரை! செவ்வாயில் 72 முறை பறந்த நாசாவின் இன்ஜென்யூட்டி ஹெலிகாப்டரும், வேறு கணக்குமுறையில் என்றாலும், தரையைப் படம்பிடித்துத்தான் வழி கண்டது. 2024 ஜனவரி 18-ல் அது இறங்கிய இடம் ஏறக்குறைய அடையாளமே இல்லாத மணல்மேடு. வேகத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல் வேகமாகத் தரைதட்டி, இறக்கைகள் முறிந்தன.

மேஜைக்கு மேலே பறப்பதும் வம்புதான். ஒரு மீட்டர் உயரத்தில் வரும் கிரேஸிஃப்ளை, 75 சென்டிமீட்டர் மேஜையின் விளிம்பைத் தாண்டியதும் லேசர் 25 சென்டிமீட்டர் என்கிறது. தான் விழுந்துகொண்டிருப்பதாக நினைத்து ட்ரோன் சட்டென்று மேலே எழும்பும். அந்த விளிம்பில் கேமராவின் பார்வையில் பாதி மேஜை, பாதி தரை. வேகக் கணக்கும் சேர்ந்து குழம்பும்.

இந்த ஜோடி சொல்வது வேகத்தை மட்டும்தான். நிற்கும் இடம் எது என்பதை அந்த வேகங்களைக் கூட்டிக் கூட்டித்தான் ட்ரோன் கணிக்கிறது. அதனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, நேரம் ஆக ஆக இடம் மெல்ல விலகும். துல்லியமாக ஒரே இடம் வேண்டும் என்பவர்கள் ‘ஏப்ரல்டேக்’ என்ற கறுப்பு-வெள்ளைக் கட்டங்களை அச்சடித்துத் தரையில் ஒட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் எங்கே ஒட்டப்பட்டது என்பது கணினிக்குத் தெரியும். ஆனால் அதைப் படிக்க, பக்கவாட்டில் 35 புள்ளி மட்டுமே உள்ள இந்தக் குட்டிக் கேமரா போதாது. பெரியதாக இன்னொன்றைச் சுமந்தாக வேண்டும்.