ஐந்து கூட்டங்கள் ஆணா, பெண்ணா?

அரபுச் செய்தி ஒன்றில் 'குழு ஐந்து அமர்வுகள் நடத்தியது' என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து அமர்வுகள் என்பதற்கு அரபியில் 'கம்ஸு ஜலஸாத்'. பிழை திருத்துபவருக்கு அமர்வு என்ற சொல் பிடிக்கவில்லை. அதை அடித்துவிட்டு, கூட்டங்கள் என்று பொருள்படும் 'இஜ்திமாஆத்' என்பதைப் போடுகிறார். பொருள் மாறவில்லை, பன்மை விகுதியும் அதே 'ஆத்' தான். ஆனால் அதுவரை சரியாக இருந்த வாக்கியம் இப்போது பிழையாகிவிட்டது. 'கம்ஸு' இருந்த இடத்தில் 'கம்ஸத்து' வந்திருக்க வேண்டும்.

அரபியில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் அல்லது பெண்பால் உண்டு. புத்தகம் (கிதாப்) ஆண், கார் (ஸய்யாரா) பெண். பெண்பால் சொற்களின் கடைசியில் பெரும்பாலும் 'தா மர்பூத்தா' என்ற எழுத்து இருக்கும். விசித்திரம் எண்களில்தான். மூன்று முதல் பத்து வரையுள்ள எண்கள், எண்ணப்படும் பொருளுக்கு நேர் எதிரான பாலை எடுத்துக்கொள்கின்றன. ஆண்பால் புத்தகத்துக்குப் பெண்பால் ஐந்து: 'கம்ஸத்து குதுப்'. பெண்பால் காருக்கு ஆண்பால் ஐந்து: 'கம்ஸு ஸய்யாராத்'. ஹீப்ரு மொழியிலும் இந்தத் தலைகீழ் வழக்கம் இருக்கிறது.

சரி, விதி தெரிந்தால் தப்பித்துவிடலாமே என்று தோன்றும். பிழை விதியில் இல்லை, கண்ணில் இருக்கிறது. பாலைத் தீர்மானிப்பது அந்தச் சொல்லின் ஒருமை வடிவம். தாளில் கண்ணுக்குத் தெரிவதோ பன்மை. 'ஆத்' என்று முடிந்தால் பெண்பால் என்றே கண் பழகியிருக்கிறது. அமர்வின் ஒருமை 'ஜல்ஸா', அது பெண். கூட்டத்தின் ஒருமை 'இஜ்திமாஃ', அது ஆண். பன்மையில் இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

அதனால் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். சொல்லை ஒருமையாக்கி, முன்னால் 'இந்த' என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்பாலுக்கு 'ஹாதா', பெண்பாலுக்கு 'ஹாதிஹி'. எது பொருந்துகிறதோ அதைத் தலைகீழாக்கினால் எண் கிடைத்துவிடும். ஒருமையின் கடைசி எழுத்தை மட்டும் நம்பினாலும் ஏமாற்றம்தான். போர் என்ற 'ஹர்ப்' தா மர்பூத்தா இல்லாமலே பெண்பால். ஆகவே ஐந்து போர்கள் 'கம்ஸு ஹுரூப்'. 'கலீஃபா' என்ற சொல்லில் அந்த எழுத்து உண்டு, ஆனால் கலீஃபா ஆண். ஐந்து கலீஃபாக்கள் என்றால் 'கம்ஸத்து குலஃபா'.

அரபு தாய்மொழிதானே, காதுக்கே தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. வீட்டில் பேசும் அரபு வேறு, ஏட்டில் எழுதும் அரபு வேறு. கெய்ரோ தெருவில் ஐந்து பையன்களானாலும் ஐந்து பெண்களானாலும் எண்ணின் வடிவம் ஒன்றே. எழுத்து அரபின் இந்த விதியைப் பள்ளியில் படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

பத்தைத் தாண்டியதும் பெயர்ச்சொல்லும் ஆட்டம் காட்டுகிறது. 3 முதல் 10 வரை 'குதுப்' என்று பன்மையில் இருந்த புத்தகம், 11 ஆனதும் ஒருமைக்குத் திரும்பி 'கிதாபன்' ஆகிறது. 99 வரை இப்படியே. 100க்கு மறுபடி வேறு: 'கிதாபின்', அச்சில் வெறும் 'கிதாப்'. 105 என்றால், கடைசியில் உச்சரிக்கப்படும் ஐந்துதான் ஆள்கிறது, எனவே மீண்டும் 'குதுப்'. 115க்கு மீண்டும் 'கிதாபன்'. பதினைந்துக்குள் இன்னொரு வேடிக்கை: ஐந்து எதிர்ப்பாலில் நிற்க, பக்கத்தில் இருக்கும் பத்து பொருளோடு ஒத்துப்போகிறது. பதினைந்து புத்தகம் 'கம்ஸத்த அஷர கிதாபன்'. பதினைந்து கார் 'கம்ஸ அஷ்ரத்த ஸய்யாரத்தன்'.

கடைசி நேரத்தில் யாராவது 10 என்பதை 11 என்று திருத்தினால் பக்கத்துச் சொல்லையும் திருத்தியாக வேண்டும். 'கிதாபன்' என்றால் கடைசியில் ஓர் அலிஃப் எழுத்து கூடுதலாக நிற்கும், விட்டுப்போனால் கண்ணில் படும். 'ஸய்யாரா' அந்த அலிஃபை ஏற்காது. உயிர்க்குறிகள் இல்லாத வழக்கமான அச்சில் 11 காருக்கும் 100 காருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். திருத்துபவருக்குக் கிடைக்கும் சிறு சலுகை அது.

கணினி நிரல் எழுதுபவர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. 'உங்களுக்கு இத்தனை செய்திகள்' என்ற ஒரு வரிக்கு யூனிகோடு அமைப்பின் மொழித்தரவு, அரபுக்கு `zero`, `one`, `two`, `few`, `many`, `other` என்று ஆறு வடிவம் கேட்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டே போதும்.

நாளிதழ்கள் எண்ணை இலக்கமாகவே அச்சிட்டு, பால் சிக்கலை மறைத்துவிடலாம். '5' என்ற குறிக்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆனால் அதே தாள் ஒலிபரப்புக்குப் போனால், '115' என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியவர் செய்தி வாசிப்பவர். அடுத்த சொல்லின் ஒருமை என்ன, அது ஆணா பெண்ணா என்று அவர் எண்ணிப் பார்க்க, மைக் முன்னால் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கிறது.