ஒரே பாட்டு, இரண்டு ஹெட்போன்

கோடம்பாக்கத்தில் ஆற்காடு சாலையைப் பிடித்தால் வடபழனி, வளசரவாக்கம் வழியாகப் போரூர் வந்துவிடலாம். அதையும் தாண்டினால் பூந்தமல்லி. வடக்கே திரும்பினால் அம்பத்தூர், ஆவடி. இந்தப் பக்கத்து மொட்டை மாடி அறைகளிலும் இன்று பாட்டு ஒலிப்பதிவாகிறது. சர்ச் பாடல், கானா, குறும்பட இசை, கச்சேரிக் குழுவின் டெமோ என்று எல்லாமே. அங்கே போனால் எந்த மைக், என்ன விலை, சுவரில் எத்தனை அங்குல ஃபோம் என்றுதான் பேச்சு ஓடும். வாசிப்பவரின் ஹெட்போனுக்குள் என்ன போகிறது என்பதைப் பற்றிப் பேச்சே எழாது. டேக் கெடுவது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் கருத்து.

பழைய கோடம்பாக்கத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பாடி வாசித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பாடகர் நின்றாலும் நடத்துநரின் கை தெரியும். மல்டி டிராக் வந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தன் பகுதியை மட்டும் பதிந்துவிட்டுப் போகிற வழக்கம் வந்தது. 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டு வளாகத்திலேயே பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்த பிறகு, சிறிய இடத்திலும் பெரிய வேலை நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் சிறிய இடத்தில் வாத்தியக்காரருக்கும் பாட்டுக்கும் நடுவே மிஞ்சும் ஒரே தொடர்பு ஹெட்போன்தான். அதில் தப்பான கலவை போனால் நல்ல கலைஞரும் தப்பாகத்தான் வாசிப்பார்.

டிரம்ஸ்காரரை முதலில் பார்ப்போம். அவருடைய வாத்தியத்தை அவர் ஹெட்போனில் கேட்க வேண்டிய தேவையே குறைவு. அது அவருக்கு முன்னால் காற்றிலேயே இடிக்கிறது. ஓங்கி வாசிக்கும்போது அவர் காதருகே சத்தம் 100 டெசிபலைத் தாண்டிவிடும். காதை முழுக்க மூடும் நல்ல ஹெட்போன் அதில் ஏறத்தாழ 25 டெசிபலைத் தடுக்கும். மிச்சம் 75 முதல் 80. கிளிக்கையும் பேஸ் கிதாரையும் அதற்குச் சற்று மேலே வைத்தால் போதும், எல்லாம் தெளிவாகக் கேட்கும். அதே ஆள் செல்போனோடு வந்த இயர்போனை மாட்டிக்கொண்டால் தடுப்பு அநேகமாக இல்லை. கிளிக் கேட்க வேண்டுமானால் 100-க்கு மேல் ஏற்றியாக வேண்டும். வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நையாஷ் நிறுவனம் வகுத்த அளவின்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். ஒரு பாட்டுக்கு நாலு டேக் எடுத்தாலே அது தீர்ந்துபோகும்.

மூடிய ஹெட்போனிலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் மெத்தை உச்ச அதிர்வெண்களை நன்றாக அடைக்கும், கீழ் அதிர்வெண்களை அவ்வளவாக அடைக்காது. அதனால் டிரம்ஸ்காரருக்குக் கிக்கின் ‘தும்’ கேட்கும். பீட்டர் தோலில் படும் ‘டக்’ கேட்காது. வாத்தியம் போர்வைக்குள் இருப்பதுபோல் தோன்றும், அவர் இன்னும் ஓங்கி அடிப்பார். மருந்து எளிது: கிக் மைக்கையும் ஸ்னேர் மைக்கையும் அவர் மிக்ஸில் கொஞ்சம் சேர்க்க வேண்டும். சிம்பல்களுக்கு மேலே தொங்கும் மைக்குகளை அநேகமாகச் சேர்க்கவே கூடாது. ஏற்கெனவே காதைத் துளைக்கிற ஒலியை ஏன் இன்னொரு தரம் கொடுப்பது?

பாடகர் கதை இதற்கு நேர் எதிர். அவர் குரல் அவருக்கு இரண்டு வழியில் கேட்கிறது: வாயிலிருந்து காற்று வழியாக, மண்டை எலும்பின் வழியாக. காதை மூடியதும் காற்று வழி அடைபடுகிறது. எலும்பு வழியாக வந்து காதுக் குழாய்க்குள் எழும் கீழ் அதிர்வெண்கள் வெளியேற இடமில்லாமல் பெரிதாகின்றன. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ‘ஈ’ என்று நீட்டிப் பாருங்கள், குரல் தலைக்குள் ரீங்கரிக்கும். பாடகருக்கு அப்போது கிடைப்பது கனம் மட்டுமே. குரலின் ஓரமும் மெய்யெழுத்துகளின் கூர்மையும் போய்விடும், சுருதியை நுணுக்கமாகச் சரிபார்க்க அவருக்கு எதுவும் மிஞ்சாது. மைக்கில் பதிவாகும் அவருடைய குரலை ஹெட்போனில் திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.

எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் நிதானம் வேண்டும். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் தான் கண்டறிந்த ஒன்றை 1911-ல் எழுதி வெளியிட்டார்: சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துகிறான். பாடகர் காதில் டிரம்ஸ் அதிகமாகவும் அவர் குரல் குறைவாகவும் இருந்தால் இதுதான் நடக்கும். கத்துவார், தொண்டை இறுகும், சுருதி மேலே ஏறும். அவர் குரலை அளவுக்கு மீறி ஏற்றிக் கொடுத்தாலோ அவர் தன்னை அடக்கிக்கொண்டு மூச்சில்லாமல் பாடுவார். நீட்டிப் பிடிக்கும் சுரங்கள் பொதுவாகக் கீழே சரியும்.

அடுத்தது தாமதம். குரல் மைக் வழியாகக் கணினிக்குள் போய், மென்பொருளைச் சுற்றி, ஹெட்போனுக்குத் திரும்ப நேரம் ஆகிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள், பஃபர் 256 என்று வைத்திருந்தால் உள்ளே போக 5.3 மில்லி விநாடி, வெளியே வர 5.3; மாற்றிகளையும் சேர்த்தால் 11-ஐத் தாண்டும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் சுமார் நாலு மீட்டர் போகும். பேஸ் வாசிப்பவருக்கு இது பொருட்டே இல்லை. பெரிய மேடையில் ஆம்ப் அவ்வளவு தள்ளி இருப்பதுண்டு. பாடகருக்கு அப்படியில்லை. எலும்பு வழிக் குரல் உடனே வந்துவிட்டது, ஹெட்போன் குரல் பின்னால் வருகிறது, இரண்டும் மோதுகின்றன. 2 மில்லி விநாடித் தாமதமே 250 ஹெர்ட்ஸ் சுரத்தில் அரை அலை நீளம். அதனால் ஒரு சுரம் மெலிந்தும் வேறொரு சுரம் பருத்தும் கேட்கும். “என் வாய்ஸ் ஏதோ டப்பாவுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு சார்” என்று அவர் சொன்னால் மைக்கை மாற்றாதீர்கள், தாமதத்தைப் பாருங்கள். இன்றைய இன்டர்ஃபேஸ்கள் பெரும்பாலானவற்றில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு வசதி உண்டு. குரல் கணினிக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். அதைப் போட்டால் மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை நிறுத்த மறக்கக் கூடாது, இல்லையென்றால் குரல் இரட்டையாகக் கேட்கும். அதற்குப் பிறகும் குரல் மெலிவாகத் தோன்றினால் ஹெட்போனுக்குப் போகும் குரலின் போலாரிட்டியை மாற்றிப் பாருங்கள், வட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு வெட்டும் பொத்தான் அது. இரண்டில் ஒரு நிலையில் குரல் திரண்டு கேட்டால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இதை ஒரு அறையில் பொருத்திப் பார்ப்போம். அம்பத்தூர் வீட்டு மாடி. உள் அறையில் டிரம்ஸ், வெளி அறையில் பாடகி, பேஸும் கீபோர்டும் நேரடியாக இன்டர்ஃபேஸில். ஆறு அவுட்புட் இருக்கிறது. 1-2 ஸ்பீக்கருக்கு, 3-4 டிரம்ஸ்காரருக்கு, 5-6 பாடகிக்கு. ஒரே அவுட்புட்டில் ஒய் கேபிளைச் சொருகி இருவருக்கும் பிரிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம்: இருவருக்கும் ஒரே கலவைதான் போகும், 32 ஓம் ஹெட்போன் அலறும்போது 250 ஓம் ஹெட்போன் முனகும்.

மென்பொருளில் ஒவ்வொரு டிராக்கிலிருந்தும் இரண்டு சென்ட் திறந்து, இரண்டையும் ப்ரீ-ஃபேடராக வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். போஸ்ட்-ஃபேடராக விட்டால் என்ஜினியர் தன் வசதிக்காக கீபோர்டு ஃபேடரைக் கொஞ்சம் இறக்கும்போது, பாடகியின் காதில் சுருதிக்கான ஆதாரமே நழுவிவிடும். டேக் நடுவில் அவர் ஏன் தடுமாறினார் என்று வெளியே உட்கார்ந்திருப்பவருக்குப் புரியவே புரியாது.

டிரம்ஸ்காரருக்கு முதலில் கிளிக் மட்டும். பாட்டின் மிகச் சத்தமான பகுதியை வாசிக்கச் சொல்லி, அப்போதும் கிளிக் கேட்கும் வரை ஏற்ற வேண்டும்; அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். பிறகு கிக்கோடு சேர்ந்து நடப்பதற்குப் பேஸ். பாடகியின் குரல் சரணம் எங்கே, பல்லவி எங்கே என்று தெரியும் அளவுக்கு. கீபோர்டு கொஞ்சம்.

பாடகிக்கு முதலில் கீபோர்டும் பேஸும். பழக்கம் இருந்தால் மெல்லிய தம்புரா. அதன்மேல் அவர் குரல். தாளத்துக்குக் கிக்கும் ஹை-ஹேட்டும் இலேசாக இருந்தால் போதும், கிளிக் பெரும்பாலும் தேவைப்படாது. கொஞ்சம் ரிவர்ப் போட்டால் தொண்டை தளரும். அது காதுக்கு மட்டும், பதிவில் போகாது. ரிவர்ப் கூடினால் தொங்கும் வாலில் சுருதிப் பிசகு மறைந்துகொள்ளும் என்பதால் அளவோடு நிறுத்துவது நல்லது. “என் வாய்ஸ் ஏத்துங்க” என்று அவர் கேட்டால், முதலில் மற்றதை எல்லாம் 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். ஏற்றிக்கொண்டே போனால் அரை மணியில் அவர் காது களைத்துவிடும்.

சில பாடகர்கள் ஒரு பக்கக் காதைத் திறந்து வைத்துப் பாடுவார்கள். அது சரியான வழிதான். காற்று வழிக் குரல் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் திறந்த கப்பிலிருந்து இசை மைக்குக்குள் வழியும். அந்தப் பக்கத்தை மியூட் செய்து, மிக்ஸ் முழுவதையும் மூடிய காதுக்குத் தள்ளிவிட வேண்டும். கிளிக் வழிவதும் அதே தொல்லை. பாட்டின் முடிவில் சிம்பல் தேய்ந்து அடங்கும்போது, அந்த அமைதியில் டிரம்ஸ்காரர் ஹெட்போனிலிருந்து ‘டிக் டிக்’ என்று மைக்கில் பதிந்துவிடும். பின்னால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கடைசி அடி விழுந்ததும் கிளிக் தானாக நிற்கும்படி முன்பே குறித்து வைத்துவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, என் அனுபவத்தில் பலர் தவிர்ப்பதும் அதைத்தான். என்ஜினியர் எழுந்து போய், டிரம்ஸ்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தில் நின்று, அவருக்குப் போகும் மிக்ஸை அதே ரக ஹெட்போனில் கேட்க வேண்டும். பாடகியின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தானும் ஒரு வரி பாடிப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தபடி இது எதுவும் தெரியாது. அடுத்த முறை “சுருதி சேரலையேம்மா” என்று டாக்பேக்கில் சொல்வதற்கு முன்னால், அவர் காதில் என்ன கேட்கிறது என்று ஒரு தரம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.