ஒரு முழுச் சுற்றுச் சுற்றிய பூ

இங்கிலாந்துப் புல்வெளிகளில் வசந்த காலத்தில் ஓர் ஊதா நிற ஆர்க்கிட் பூக்கும். அதன் பூவுக்குள், தேன்குழல் இருக்கும் திசையில், கூர்சீவிய பென்சில் ஒன்றை மெதுவாக நுழைத்து வெளியே எடுத்தால் பென்சிலோடு ஒரு சிறிய மகரந்தத் திரள் ஒட்டிக்கொண்டு வரும். அதன் அடியில் பசைத்தட்டு ஒன்று இருக்கிறது. காற்றுப் பட்டதும் பசை இறுகிவிடும். முதலில் திரள் பென்சிலின்மேல் நிமிர்ந்து நிற்கிறது. அதே நிலையில் இன்னொரு பூவுக்குள் நுழைத்தால் பயனில்லை. அந்தப் பூவின் மகரந்தப்பை இருக்கும் மேல்பகுதியில்தான் போய் முட்டும். ஆனால் சுமார் அரை நிமிடம் காத்திருந்தால் பசைத்தட்டு ஒரு பக்கமாகச் சுருங்கி, திரள் கால்வட்ட அளவுக்கு முன்னோக்கிச் சாய்கிறது. இப்போது நுழைத்தால் அது நேராகச் சூல்முடியில் படும். பூச்சி ஒரு செடியை விட்டு அடுத்த செடிக்குப் பறந்து போக ஏறக்குறைய அந்த அரை நிமிடம் போதும். தன் மகரந்தம் தன்மீதே விழாமல் வேறொரு செடிக்குப் போய்ச் சேர இதைவிடக் கச்சிதமான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

இந்தப் பென்சில் சோதனையைச் செய்து எழுதியவர் சார்லஸ் டார்வின். பூச்சிகளைக் கொண்டு மகரந்தச் சேர்க்கை நடத்த ஆர்க்கிட்களில் அமைந்துள்ள பலவகை ஏற்பாடுகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி 1862இல் வெளியிட்டார். ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்து மூன்றாண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட நுட்பங்களைத் தேடித் தொகுப்பது அதுவரை டார்வினுக்கு எதிரணியில் இருந்தவர்களின் வேலை. கடவுள் இருக்கிறார் என்பதற்கு இயற்கையிலிருந்தே சான்று காட்டும் இயற்கை இறையியலாளர்கள் விரும்பிச் சேகரித்த சரக்கு அது.

அவர்களுள் பெரிதும் வாசிக்கப்பட்டவர் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ‘இயற்கை இறையியல்’ என்ற அவருடைய நூல் 1802இல் வந்தது. வெட்டவெளியில் கிடக்கும் கல்லைப் பார்த்தால் அது எப்போதும் அங்கேயே கிடந்தது என்று சொல்லிவிடலாம்; கடிகாரத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது என்று தொடங்குகிறார் பேலி. பல உறுப்புகள் ஒரே பயனுக்காகப் பொருந்தி நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் வடிவமோ இடமோ மாறினாலும் அந்தப் பயன் கைகூடாது. அத்தகைய பொருத்தம் இருக்கும் இடத்தில் அதைத் திட்டமிட்ட அறிவும் இருந்தாக வேண்டும். கண், காது, மூட்டு என்று உடலை ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, கடிகாரத்துக்குச் சொன்ன அதே முடிவை அவற்றுக்கும் சொல்கிறார்.

டார்வின் பாதிரியாராகும் எண்ணத்தோடு கேம்பிரிட்ஜில் இளங்கலை படித்தவர். பேலியின் வேறு நூல்கள் அவருக்குத் தேர்வுக்கான பாடங்கள். ‘இயற்கை இறையியல்’ நூலையும் வாசித்தார். அதன் தர்க்கம் யூக்ளிடின் வடிவியல் அளவுக்கு மகிழ்ச்சி தந்தது என்று முதுமையில் தன்வரலாற்றில் நினைவுகூர்ந்தார். பேலி எழுப்பிய கேள்வியைக் கடைசிவரை அவர் மதித்தார் என்றே நான் நினைக்கிறேன். உறுப்புகளின் பொருத்தம் உண்மையானது, அதற்கு விளக்கம் தேவை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. டேவிட் ஹியூம் இறந்தபின் 1779இல் வெளியான அவருடைய உரையாடல் நூல் கடிகார வகை வாதங்களைக் கடுமையாக விமர்சித்திருந்தது. உலகம் மனிதர் செய்த பொருளைப் போன்றதுதானா, செய்தவர் ஒருவர்தான் என்று எப்படித் தெரியும் என்றெல்லாம் அது கேட்டது. ஆனால் பொருத்தம் எப்படி வந்தது என்பதற்கு ஹியூமிடம் ஊன்றி நிற்கும் மாற்று விளக்கம் இல்லை. அதனால்தான் இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்துப் பேலி எழுதியபோதும் அந்த வாதத்துக்கு உயிர் இருந்தது.

தத்துவ வகுப்பில் இந்தத் தலைப்பில் கட்டுரை எழுதும் இளங்கலை மாணவர்கள் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, பேலி ‘வடிவமைப்பு’ என்றார், டார்வின் ‘தற்செயல்’ என்றார் என எழுதுவது. சிறு வேறுபாடுகள் தோன்றுவது உயிரியின் தேவையைப் பார்த்து நடப்பதில்லை. அந்த அளவில் அது தற்செயல். ஆனால் எந்த வேறுபாடு தலைமுறைகளாக நிலைக்கும் என்பது தற்செயல் அல்ல. மகரந்தத்தைச் சரியான இடத்தில் வைக்கும் பூ அதிக விதை விடுகிறது, வைக்காத பூ குறைவாக விடுகிறது. அவ்வளவுதான் இயற்கைத் தேர்வு. இன்னொன்று, உயிரிகளில் குறைகள் இருக்கின்றன, ஆகவே பேலி தோற்றார் என்று எழுதுவது. அந்த ஆட்சேபத்தைப் பேலி முன்கூட்டியே எதிர்கொண்டிருக்கிறார். கடிகாரம் சில நேரம் தவறாக ஓடினாலும் அதை ஒருவர் செய்தார் என்பது மாறாது என்கிறார். அது நியாயமான பதில்தான்.

அப்படியானால் எது முடிவு செய்கிறது? பலரும் சுட்டுவது மடகாஸ்கர் ஆர்க்கிட் ஒன்றின் கதையை. அந்த வெள்ளைப் பூவின் தேன்குழல் பதினொன்றரை அங்குல நீளம். அடியில் ஒன்றரை அங்குலத்தில் மட்டுமே தேன். 1862இன் தொடக்கத்தில் தம் கைக்கு வந்த பூக்களைப் பார்த்த டார்வின், இதற்கேற்ற நீளத்தில் உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினார். குழல் நீண்டால் பூச்சி கடைசித் துளிக்காகத் தலையை உள்ளே அழுத்தும், அப்போதுதான் மகரந்தம் ஒட்டும். ஆகவே நீண்ட குழலுள்ள பூக்களுக்கு ஆதாயம், நீண்ட உறிஞ்சுகுழலுள்ள பூச்சிகளுக்கும் ஆதாயம். இரண்டும் ஒன்றையொன்று துரத்தி நீண்டிருக்க வேண்டும். ஆர்கைல் கோமகன் 1867இல் வெளியிட்ட நூலில் இந்த விளக்கத்தை மறுத்து, இது திட்டமிட்ட மனத்தின் வேலை என்றார். அதே ஆண்டில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பதில் எழுதினார். ஆப்பிரிக்காவில் ஏழரை அங்குல உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது, இன்னும் சில அங்குலம் கூடுதலாக உள்ளதும் கிடைக்கும் என்றார். 1903இல் அந்த ஆப்பிரிக்கப் பூச்சியின் மடகாஸ்கர் வகை விவரிக்கப்பட்டது. முன்னறிவிக்கப்பட்டது என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

அருமையான கதை. ஆனால் நம் கேள்விக்கு இது தீர்ப்புச் சொல்லவில்லை என்பதே என் கருத்து. ஆர்கைல் கோமகனும் அப்படிப்பட்ட பூச்சி இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்பார்? இவ்வளவு நீளமான குழலைப் படைத்தவர் அதற்கேற்ற பூச்சியைப் படைக்காமலா விட்டிருப்பார்? பொருத்தம் இருக்கும் என்று இரு தரப்பும் சொல்லும்போது, பொருத்தம் கிடைத்தது இருவருக்கும் சமமான வெற்றிதான். தவிர, குழல்கள் நீண்டது எப்படி என்பதில் பரிணாமம் ஏற்பவர்களிடையேகூட விவாதம் உண்டு. பூவில் பதுங்கியிருக்கும் சிலந்தி போன்ற எதிரிகளிடமிருந்து தப்பிக்கவே பூச்சிகள் நீண்ட உறிஞ்சுகுழலைப் பெற்றன, பூக்கள் பின்னால் அதற்கேற்ப மாறின என்று லுட்ஸ் வாஸர்டால் வாதிட்டிருக்கிறார்.

இரண்டு விளக்கங்களும் வெவ்வேறாக எதிர்பார்க்கும் இடத்தைத் தேட வேண்டும். அது டார்வினின் அதே நூலில் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு சின்ன ஆர்க்கிடில் இருக்கிறது. விரல் உயரமே உள்ள, பச்சை கலந்த பூக்கள் கொண்ட, கண்ணில் படாத செடி.

அதற்கு முன் ஆர்க்கிடின் கட்டமைப்பைப் பற்றிக் கொஞ்சம். லில்லி போன்ற பூவில் உறுப்புகள் மும்மூன்றாக ஐந்து அடுக்குகளில் நிற்கும்: வெளியிதழ் மூன்று, உள்ளிதழ் மூன்று, மகரந்தத்தாள் ஆறு, சூலக உறுப்பு மூன்று. ஆர்க்கிட் இதே திட்டத்தின் உருமாறிய வடிவம். பெரும்பாலான ஆர்க்கிட்களில் மகரந்தம் தருவது ஒரே ஒரு தாள்தான். பென்சிலில் ஒட்டிய பசை எங்கிருந்து வந்தது தெரியுமா? மூன்று சூல்முடிகளில் ஒன்று மகரந்தத்தை ஏற்கும் வேலையை விட்டுவிட்டுப் பசை செய்யும் உறுப்பாக மாறியிருக்கிறது. உள்ளிதழ்களில் ஒன்று உதடு போலப் பெருத்து, பூச்சி வந்திறங்கும் மேடையாகியிருக்கிறது. உண்மையில் இந்த உதட்டிதழ் பூவின் மேல்பக்கத்து உறுப்பு. மொட்டில் அது மேலேதான் இருக்கிறது. பூ விரியும்போது, காம்பு போலத் தெரியும் சூலகம் அரைச் சுற்று முறுக்கிக்கொள்கிறது. மேலிருந்த உதடு கீழே வந்து மேடையாகிறது. பல ஆர்க்கிட்களில் அந்த முறுக்குக் கோடுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சதுப்பு ஆர்க்கிடில் உதட்டிதழ் மேலேதான் நிற்கிறது. அப்படியென்றால் அது முறுக்கிக்கொள்ளவே இல்லை என்று நினைப்போம். சூலகத்தைப் பார்த்தால் அது அரைச் சுற்றல்ல, முழுச் சுற்று முறுக்கியிருக்கிறது! மேலே இருந்த உதட்டிதழ் கீழே வந்து, மறுபடி சுற்றி மேலே போயிருக்கிறது. தொடங்கிய இடத்துக்கே வந்து சேர ஒரு முழுவட்டப் பயணம்.

இதைக் குறை என்று சொல்ல முடியாது. பூ நன்றாகவே வேலை செய்கிறது. பேலியின் பதிலுக்கு இங்கே வேலையில்லை. கேள்வி வேறு. உதட்டிதழ் மேலே இருக்க வேண்டும் என்று திட்டமிட்ட ஒருவர், முறுக்காமல் விட்டாலே போதும் என்ற நிலையில், ஏன் இரண்டு மடங்கு முறுக்க வேண்டும்? வம்சாவளியாகப் பார்த்தால் விடை எளிது. முன்னோரிடம் அரைச் சுற்று இருந்தது. உதட்டிதழ் மேலே இருப்பது ஏதோ காரணத்தால் சாதகமானபோது, முறுக்கு அவிழ்ந்தாலும் சரி, கூடினாலும் சரி, பயன் ஒன்றே. இந்த வம்சத்தில் கிடைத்த வேறுபாடு கூடும் பக்கமாக இருந்தது. வேறு சில ஆர்க்கிட்கள் முறுக்கை விட்டுவிட்டு அதே நிலைக்கு வந்திருக்கின்றன என்றும் டார்வின் காட்டுகிறார். தேர்வு கையில் கிடைத்ததை வைத்தே வேலை செய்யும் என்றால், ஒரே முடிவுக்கு இப்படிப் பல கோணல் வழிகள் இருப்பதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

படைத்தவருக்கு நமக்குத் தெரியாத காரணம் இருந்திருக்கலாம் என்று சொல்லலாம்தான். அதை மறுக்க வழியில்லை. ஆனால் அப்படிச் சொன்ன கணத்தில் பேலியின் வாதம் கைவிட்டுப் போகிறது. ‘இப்படிப்பட்ட பொருத்தத்தை அறிவுள்ள ஒருவர் செய்வார்’ என்று சொல்ல அவர் என்ன செய்வார் என்பது ஓரளவாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் எதையும் செய்யலாம் என்றால், கண்ணின் பொருத்தமும் முழுச்சுற்று முறுக்கும் அவருக்குச் சான்றாகா. நம்பிக்கை அப்படியே இருக்கலாம்; இயற்கையைக் காட்டி அதை நிரூபிப்பது மட்டும் இயலாமல் போகிறது.

டார்வினின் நண்பரும் ஹார்வர்டின் தாவரவியலாளருமான ஆசா கிரே இதற்கு வேறு வழி கண்டார். இயற்கைத் தேர்வை ஏற்றுக்கொண்டே, தேர்வுக்குக் கிடைக்கும் வேறுபாடுகளை நல்ல திசைகளில் கடவுள் வழிநடத்தினார் என்று கொள்ளலாம் என்றார். அவருடைய கட்டுரைகளை இங்கிலாந்தில் சிறுநூலாகப் பரப்ப டார்வினே உதவினார். ஆனாலும் ஏற்கவில்லை. வளர்ப்பு விலங்குகளிலும் தாவரங்களிலும் தோன்றும் வேறுபாடுகளைப் பற்றி 1868இல் வெளியிட்ட நூலின் கடைசிப் பக்கங்களில் பதில் எழுதினார். மலையிலிருந்து உதிர்ந்த கற்களைப் பொறுக்கி ஒருவர் வீடு கட்டுகிறார். ஒவ்வொரு கல்லின் வடிவத்துக்கும் இயற்கைக் காரணம் உண்டு. அந்த வீட்டுக்காகவே அவை அப்படி உடைந்தன என்று சொல்ல முடியுமா? புறா வளர்ப்பவர் விசித்திரமான வாலுள்ள புறாவை உருவாக்கியபோது, அவருடைய விருப்பத்துக்காகவே அந்த வேறுபாடுகள் அனுப்பப்பட்டன என்போமா? அங்கே இல்லை என்றால் ஆர்க்கிடுக்கு மட்டும் ஆம் என்பது எப்படி? அதேசமயம் எல்லாம் அறிந்த, எல்லாம் வல்ல ஒருவர் இருந்தால் ஒவ்வொரு விளைவும் அவருக்கு முன்பே தெரிந்ததுதானே என்ற மறுபக்கத்தையும் டார்வின் மறைக்கவில்லை. இது சுதந்திர விருப்பமா, முன்விதிப்பா என்ற கேள்வியைப் போலவே தீர்க்க முடியாத சிக்கல் என்று எழுதி அந்த நூலை முடித்தார்.