ஒரு பாயிண்ட் எத்தனை பைசா?

கிரெடிட் கார்டு விற்க வருபவர் "நூறு ரூபாய்க்கு ரெண்டு பாயிண்ட் சார்" என்பார். ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை பைசா என்று அவரிடம் உடனே கேட்டுவிடுங்கள். பல கார்டுகளில் அது 25 பைசாதான். அதாவது நூறு ரூபாய் செலவழித்தால் ஐம்பது பைசா திரும்பி வரும், வெறும் அரை சதவீதம். கேஷ்பேக் கார்டில் இந்தக் குழப்பம் குறைவு. ஒரு சதவீதம் என்றால் நூறுக்கு ஒரு ரூபாய். ஆனால் மாதத்துக்கு இவ்வளவுதான் தருவோம் என்ற உச்சவரம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கார்டில் மாதம் 15,000 ரூபாய் செலவு. அதில் 2,000 பெட்ரோலுக்கு. பெரும்பாலான கார்டுகள் பெட்ரோலுக்கும் வீட்டு வாடகைக்கும் வாலட்டில் பணம் ஏற்றுவதற்கும் பாயிண்ட் தருவதில்லை. மிச்சம் 13,000, ஆண்டுக்கு 1,56,000. நூறுக்கு இரண்டு வீதம் 3,120 பாயிண்ட், அதன் மதிப்பு 780 ரூபாய். அதைப் பணமாக்க 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடித்தால் கைக்கு வருவது 663. ஆண்டுக் கட்டணமோ 1,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,180. ஆக, ஆண்டுக்கு 517 ரூபாய் நஷ்டம். கட்டணமே இல்லாமல் ஒரு சதவீத கேஷ்பேக் தரும் கார்டு இருந்தால் அதே செலவுக்கு 1,560 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

"ரெண்டு லட்சம் செலவு பண்ணினா ஃபீஸ் தள்ளுபடி" என்பார்கள். அந்த ஆண்டு ஜனவரியிலோ ஏப்ரலிலோ தொடங்குவதில்லை, கார்டு கொடுத்த மாதத்திலிருந்து எண்ணப்படும். பெட்ரோலையும் வாடகையையும் இந்த இலக்கிலும் சேர்க்காத வங்கிகள் உண்டு. அப்படியானால் நம் குடும்பத்துக்கு 44,000 ரூபாய் குறைகிறது. எப்படியும் கட்டவேண்டிய பள்ளிக் கட்டணத்தையோ இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையோ, அவை கணக்கில் சேருமா, தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொண்டு கார்டில் கட்டினால் லாபம்தான். 1,180 ரூபாயை மிச்சப்படுத்தத் தேவையில்லாத டிவி வாங்குவது பெரிய இழப்பு.

இவ்வளவு கணக்கும் பில்லை முழுதாகக் கட்டுபவருக்குத்தான். மாதம் 3.5 சதவீத வட்டியில் 15,000 ரூபாய் பில்லை ஒரே ஒரு மாதம் தள்ளினாலும் ஜிஎஸ்டியோடு சுமார் 620 ரூபாய் போய்விடும். ஓர் ஆண்டு சேர்த்த பாயிண்ட்டின் பலன் ஏறக்குறைய அவ்வளவுதான். 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால் அபராதம் தப்பும், வட்டி தப்பாது. நிலுவை தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கணக்கு நஷ்டம் காட்டினால், கட்டணம் விழும் மாதத்துக்கு முன்பே வாடிக்கையாளர் சேவையை அழைத்து, கட்டணத்தை நீக்க முடியுமா, கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். மறுத்தால், சேர்ந்த பாயிண்ட்டை முதலில் எடுத்துவிட்டு, பாக்கியை முழுதும் கட்டி, கார்டை மூடச் சொல்லி எழுத்துமூலம் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால் வங்கி நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது.