‘அப்புறம்?’ என்று கேட்டால் எந்தக் கடந்தகாலம்?

புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களின் நோட்டுகளில் வருடா வருடம் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. நண்பன் வீட்டு விருந்துக்குத் தாமதமாகப் போன கதையை எழுதுவார்கள். ‘நான் போனபோது எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்’ என்பது சொல்ல வந்தது. எழுதியிருப்பதோ ‘இல் ஸோன் பார்த்தி’. பிரெஞ்சுக்காரர் படித்தால், இவன் உள்ளே நுழைந்தான், உடனே எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

“உன் மேல அப்படி என்னப்பா கோபம் அவங்களுக்கு?” என்று ஒருவனிடம் கேட்டேன்.

“கோபமா? நான் லேட்டு சார், அவ்வளவுதான்” என்றான்.

‘இல் பார்த்தே’ என்று எழுதியிருந்தால் அந்த அவமானம் அவனுக்கு நேர்ந்திருக்காது.

நடந்த கதையைப் பேச்சில் சொல்ல பிரெஞ்சுக்கு இரண்டு கடந்தகாலங்கள் வேண்டும். ஒன்று ‘பாஸே கொம்போஸே’. ‘உடைமை’ அல்லது ‘இருத்தல்’ என்ற துணைவினையோடு முக்கிய வினையின் எச்ச வடிவம் சேர்வதால் அதைக் கூட்டுக் கடந்தகாலம் என்கிறார்கள். மற்றது ‘அம்பர்ஃபே’. ஒரே சொல்லாக நிற்கும். பெயருக்கு ‘முற்றுப்பெறாதது’ என்று பொருள். வடிவங்களை ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். எந்த இடத்தில் எது என்பதில்தான் மூன்றாம் வருடத்திலும் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றத்துக்கு முக்கியக் காரணம், சுருக்கமாக இருக்கிறதே என்று எல்லோரும் பிடித்துக்கொள்ளும் ஒரு விதி: சட்டென்று முடிந்தால் பாஸே கொம்போஸே, நெடுநேரம் நீடித்தால் அம்பர்ஃபே. இது தவறு. பதினான்காம் லூயி மன்னர் 1643 முதல் 1715 வரை, 72 ஆண்டுகள் பிரான்ஸை ஆண்டார். ‘72 ஆண்டுகள் ஆண்டார்’ என்று சொல்ல பிரெஞ்சில் பாஸே கொம்போஸேதான்: ‘ஆ ரேஞே’. கதவைத் திறக்க ஒரு நொடி போதும். ஆனாலும் ‘அவன் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது’ என்றால் திறப்பது அம்பர்ஃபேயில் வரும். ஆக, கடிகாரத்தைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. சொல்பவர் அந்தச் செயலை எங்கிருந்து பார்க்கிறார் என்பதுதான் கேள்வி. தொடக்கமும் முடிவும் தெரிய, வெளியே நின்று முழுசாகப் பார்த்தால் பாஸே கொம்போஸே. அதன் நடுவில் நின்றுகொண்டு, எப்போது முடியும் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் பார்த்தால் அம்பர்ஃபே.

வகுப்பில் இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை பாட்டிகளிடமிருந்து வந்தது. கதை கேட்கும் குழந்தை “அப்புறம்?” என்று கேட்கும் அல்லவா? அந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்கும் வினை பாஸே கொம்போஸே. “அப்போ எப்படி இருந்துச்சு?” என்ற கேள்விக்குப் பதிலாக நிற்பது அம்பர்ஃபே.

தமிழ்க் காதுக்கு இதில் பாதி ஏற்கெனவே பழக்கம். ‘பெய்தது’, ‘பெய்துகொண்டிருந்தது’ என்று பிரிக்கிறோம். பழைய வழக்கத்தைச் சொல்ல, ‘சின்ன வயசில் ஆற்றில் குளிப்போம்’ என்று எதிர்கால வடிவத்தையே எடுத்துக்கொள்கிறோம். பிரெஞ்சில் அந்த இடம் அம்பர்ஃபேக்கு உரியது. ஆனால் இந்தப் பழக்கமே ஓரிடத்தில் காலை வாருகிறது. ‘நேற்று பூராவும் படித்துக்கொண்டிருந்தேன்’ என்போம். ‘கொண்டிருந்தேன்’ வந்துவிட்டதே என்று மாணவர் அம்பர்ஃபே போடுவார். பிரெஞ்சுக்காரரோ ‘பூராவும்’ என்பதைக் கேட்டதுமே வேலி போட்டுவிடுவார்: காலையில் ஆரம்பித்து இரவில் முடிந்த ஒரு முழுச் செயல், ஆகவே பாஸே கொம்போஸே.

ஒரு சின்னக் கதையில் வைத்துப் பார்ப்போம். முதலாம் வருட மாணவர்களிடம் நான் கொடுப்பது இது:

அன்று ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது. பாட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். ஒரு ஆள் நனைந்த பையோடு நின்றார். அவரை எனக்குத் தெரியாது. பயந்துவிட்டேன். அவர் சிரித்தார், பையைக் கீழே வைத்தார், போய்விட்டார். பைக்குள் ஒரு பூனைக்குட்டி இருந்தது.

ஞாயிறு, மழை, பாட்டியின் தூக்கம் மூன்றும் அம்பர்ஃபே. கதை இன்னும் நகரவில்லை, மேடைதான் போட்டிருக்கிறோம். தட்டினார்கள்: அப்புறம்? திறந்தேன். இரண்டும் பாஸே கொம்போஸே. அந்த ஆள் நின்றது அம்பர்ஃபே, ஏனென்றால் நான் திறப்பதற்கு முன்பே அவர் அங்கே நிற்கிறார். தெரியாமல் இருந்ததும் அப்படியே. பயந்துவிட்டேன் என்பது ‘ஜே யூ பேர்’, பாஸே கொம்போஸே. அந்த நொடியில் பயம் வந்தது. பிறகு சிரித்தார், வைத்தார், போய்விட்டார், வரிசையாக மூன்று ‘அப்புறம்?’

இப்போது ஒவ்வொரு வினையாக மாற்றிப் பாருங்கள். ‘ஜே யூ பேர்’ இருந்த இடத்தில் ‘ஜாவே பேர்’ என்று அம்பர்ஃபே வைத்தால், கதவைத் திறக்கும் முன்பே நான் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். வீட்டில் வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று கேட்பவர் நினைப்பார். மழையை ‘இல் ஆ ப்ளூ’ என்று பாஸே கொம்போஸேயில் சொன்னால், மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் கதவு தட்டப்படுகிறது. எனக்குப் பிடித்தது சிரிப்புதான். ‘இல் ஆ ஸூரி’ என்றால் என் பயத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆள் சிரித்தார், நல்ல மனிதர். ‘இல் ஸூரியே’ என்றால் நான் கதவைத் திறந்தபோதே சிரித்துக்கொண்டு நின்றார். அதே ஆள்தான், ஆனால் கதை பேய்க்கதை ஆகிவிடுகிறது.

கேட்டுப் புரிந்துகொள்வதில் தனி அவஸ்தை உண்டு. ‘சாப்பிட்டேன்’ என்பது ‘ஜே மான்ஜே’, ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்’ என்பது ‘ஜ மான்ஜே’. இரண்டின் கடைசி உயிர் ஒலியிலும் நுணுக்கமான வேறுபாடு உண்டுதான், ஆனால் நம் காதுக்கு அது பிடிபட நாளாகும். அதுவரை முதல் அசையைக் கவனிக்கச் சொல்கிறேன்.

‘நேற்று’ வந்தால் இது, ‘அடிக்கடி’ வந்தால் அது என்று கைடுகளில் பட்டியல் இருக்கும். அதை நம்ப வேண்டாம். ‘நேற்று வெயிலாக இருந்தது’ அம்பர்ஃபே. ‘எனக்கு அடிக்கடி போன் செய்திருக்கிறான்’ பாஸே கொம்போஸே. ‘தெரியும்’ போன்ற வினைகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அம்பர்ஃபேயில் ‘ஜ ஸாவே’ என்றால் முன்பே தெரியும். பாஸே கொம்போஸேயில் ‘ஜே ஸூ’ என்றால் அப்போதுதான் தெரியவந்தது.

புத்தகங்களில் சங்கதி கொஞ்சம் மாறும். பேச்சில் பாஸே கொம்போஸே வரும் இடத்தில் நாவலாசிரியர்கள் ‘பாஸே ஸாம்ப்ள்’ என்ற மூன்றாவது ஒன்றைப் போடுவது மரபு. 1942இல் வந்த ‘அந்நியன்’ நாவலைப் பெரும்பாலும் பாஸே கொம்போஸேயிலேயே காம்யு எழுதியது அதனால்தான் கவனம் பெற்றது. அம்பர்ஃபேயின் வேலை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கதையின் கடைசி வரியில்தான் வகுப்பில் சண்டை வரும். பூனைக்குட்டிதானே திருப்பம், அது ஏன் அம்பர்ஃபே என்று கேட்பார்கள். திருப்பம் நமக்குத்தான், குட்டி பைக்குள் முன்பிருந்தே இருக்கிறது. ‘பார்த்தேன்’ என்று எழுதினால் அது பாஸே கொம்போஸே. ‘இருந்தது’ என்றால் ‘இல் யாவே’. போன வருடம் ஒரு பெண் பிடிவாதமாக ‘இல் யா யூ’ என்று பாஸே கொம்போஸே போட்டுக் கரும்பலகையில் எழிதினாள். ஒரு காலத்தில் இருந்தது, அந்தக் கதை முடிந்தது என்கிற தொனி அதில் வந்துவிடும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான்.

“அப்ப குட்டி எங்க போச்சு சார்?”