மாட்டின் நடையை அசைபடமாக்குதல்

நடக்கும் மாட்டின் குளம்புகள் இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்ற வரிசையில் தரையைத் தொடும். நொடிக்கு 24 சட்டகம் ஓடும் அசைபடத்தில் ஒரு சுற்றுக்கு 32 சட்டகம் ஒதுக்கினால், 1, 9, 17, 25ஆம் சட்டகங்களில் ஒவ்வொரு குளம்பாக ஊன்றும். பின்குளம்பு விழுவது, அதே பக்க முன்குளம்பு இருந்த இடத்தருகே. ஆகவே முன்குளம்பு சற்று முன்பே கிளம்பிவிட வேண்டும்; இல்லையேல் இரண்டும் மோதும்.

எடையைக் காட்டுவதுதான் கடினம். பின்காலைத் தூக்கும்போது அந்தப் பக்க இடுப்பு சற்றுச் சரியும். ஊன்றிய முன்காலின் பக்கம் தோள்பட்டை எலும்பு மேலெழும். இவ்விரண்டும் இல்லாத மாடு மிதக்கும். ஒரே பக்கக் கால்கள் சேர்ந்து விழுந்தாலோ அது ஒட்டக நடையாகிவிடும். நான்கு ஊன்றல்களும் தனித்தனியாக எண்ண வரவேண்டும்.