இரண்டா, மூன்றா?

டேட்டா சயின்ஸ் இன்டர்வியூவில் கே-மீன்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த கேள்வியில்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது: “குழுக்கள் எத்தனை என்று எப்படி முடிவு செய்வீர்கள்?” எல்போ மெத்தட் என்று பதில் வரும். “வரைபடத்தில் முழங்கை மாதிரி எதுவும் தெரியவில்லை என்றால்?” என்று கேட்பவர் விடாமல் தொடர்வார். உண்மையான தரவில் அது பெரும்பாலும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

முறை எளிமையானது. எத்தனை குழு வேண்டும் என்று நாமே ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும், அதுதான் கே. அத்தனை மையங்களை முதலில் எங்காவது வைக்கிறோம். ஒவ்வொரு புள்ளியும் தனக்கு அருகிலுள்ள மையத்தோடு சேரும். சேர்ந்த புள்ளிகளின் சராசரி எங்கே விழுகிறதோ, மையம் அங்கே நகரும். மையம் நகர்ந்ததால் சில புள்ளிகள் கட்சி மாறும், அதனால் மையம் மறுபடி நகரும். யாரும் மாறாத நிலை வந்ததும் கணக்கு நிற்கும். பெல் ஆய்வகத்தில் ஸ்டுவர்ட் லாயிட் 1957-இல் எழுதியது இது. அச்சில் வந்தது 1982-இல்தான்.

கே எத்தனை என்பதை ஒரு நிஜத் தரவில் பார்ப்போம். ஐரிஸ் பூக்களின் தரவு இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கமானது. எட்கர் ஆண்டர்சன் சேகரித்த அளவுகள், 1936-இல் ரொனால்ட் ஃபிஷரின் கட்டுரையால் பிரபலமாயின. 150 பூக்கள், ஒவ்வொன்றுக்கும் புல்லி இதழ், அல்லி இதழ் இரண்டின் நீளமும் அகலமும் சென்டிமீட்டரில். செட்டோசா, வெர்சிகலர், வர்ஜினிகா என்ற மூன்று இனங்களிலிருந்தும் தலா 50. பெயர்களை மறைத்துவிட்டு எண்களை மட்டும் கே-மீன்ஸிடம் கொடுப்போம்.

```python
from sklearn.cluster import KMeans
from sklearn.datasets import load_iris
from sklearn.metrics import silhouette_score

X = load_iris().data
for k in range(2, 6):
    m = KMeans(n_clusters=k, n_init=10, random_state=0).fit(X)
    print(k, m.inertia_, silhouette_score(X, m.labels_))
```

திரையில் வரும் முதல் அளவு இனர்ஷியா. ஒவ்வொரு புள்ளியும் தன் மையத்திலிருந்து இருக்கும் தூரத்தை வர்க்கமாக்கிக் கூட்டினால் கிடைப்பது. எல்லாப் பூக்களும் ஒரே குழுவாக இருந்தால் அது 681. இரண்டு குழு என்றால் 152, மூன்றுக்கு 79, நான்குக்கு 57, ஐந்துக்கு 46. குழுவைக் கூட்டக் கூட்ட இது குறைந்துகொண்டேதான் போகும். பூவுக்கு ஒரு குழு என்று 150 வைத்தால் பூஜ்யம். ஆகவே மிகக் குறைந்த இனர்ஷியா எது என்று தேடுவதில் அர்த்தமில்லை. சரிவு எங்கே சட்டென்று தளர்கிறது என்று பார்ப்பதுதான் எல்போ மெத்தட். இங்கே முதல் இறக்கம் 529, அடுத்தது 73, அதற்கடுத்தது 22. முழங்கை இரண்டில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னாலும், மூன்றில் என்று இன்னொருவர் சொன்னாலும் மறுக்க முடியாது. கண்ணை நம்பிய முறை, அவ்வளவுதான்.

இரண்டாவது அளவு, பீட்டர் ரூசோ 1987-இல் முன்வைத்த சிலுவெட். ஒரு பூவை எடுத்து இரண்டு சராசரிகளைப் பார்க்க வேண்டும்: சொந்தக் குழுவினரிடமிருந்து எவ்வளவு தூரம், மிக அருகிலுள்ள வேற்றுக் குழுவினரிடமிருந்து எவ்வளவு தூரம். இரண்டின் வித்தியாசத்தை, பெரியதால் வகுக்க வேண்டும். சொந்தக் குழு 1 தூரத்திலும் அடுத்த குழு 4 தூரத்திலும் இருந்தால் 0.75; பூ தன் இடத்தில் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. 2, 2.5 என்றால் 0.2தான், எல்லையோரத்தில் நிற்கிறது. எல்லாப் பூக்களுக்கும் சராசரி எடுத்தால், இரண்டு குழுவுக்கு 0.68, மூன்றுக்கு 0.55. சிலுவெட் சந்தேகமில்லாமல் இரண்டு என்கிறது.

தாவரவியல் மூன்று என்கிறது. யார் சொல்வது தவறு? இருவருமே தவறில்லை. செட்டோசாவின் அல்லி இதழ்கள் குட்டையானவை. அது தனித்தீவாக நிற்கிறது. வெர்சிகலரும் வர்ஜினிகாவும் அளவில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. தெளிவான இடைவெளி எங்கே என்றுதான் சிலுவெட் பார்க்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் அப்படி ஒன்று இல்லை. இன்டர்வியூவில் சொல்ல வேண்டியது இதுதான்: இந்த அளவுகள் தரவின் வடிவத்தைப் பற்றிப் பேசுகின்றன, தரவு எதைக் குறிக்கிறது என்பதைப் பற்றி அல்ல.

மூன்று குழு கேட்டால் கே-மீன்ஸ் மறுக்காமல் தரும். செட்டோசா 50-உம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மற்ற இரண்டில் 14 வர்ஜினிகா வெர்சிகலரோடும், 2 வெர்சிகலர் வர்ஜினிகாவோடும் போய்ச் சேரும். காரணம் அல்காரிதத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. அருகிலுள்ள மையத்தோடு சேர் என்ற விதி, இரண்டு மையங்களுக்குச் சரிபாதியில் ஒரு நேர்கோடு போடுவதற்குச் சமம். குழுக்கள் உருண்டையாக, ஏறக்குறைய ஒரே பரப்பில் இருந்தால் அந்தக் கோடு பொருந்தும். இந்த இரண்டு இனங்களோ சாய்வாக நீண்டு கிடக்கின்றன. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் போன்ற தரவில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு வளையங்களையும் குறுக்கே வெட்டிவிடும்.

அளவுகளைச் சமப்படுத்திவிட்டால் சரியாகுமா என்பது அடுத்து வரும் கேள்வி. “கே-மீன்ஸுக்கு முன் எப்போதும் ஸ்கேல் செய்ய வேண்டும்” என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். ஐரிஸில் நான்கு அளவுகளையும் ஸ்கேல் செய்தால், இடம் மாறும் பூக்கள் 16-லிருந்து 25 ஆகக் கூடுகின்றன. அல்லி இதழின் நீளம் 1 முதல் 6.9 செ.மீ. வரை விரிகிறது, இனத்தைப் பிரித்துக் காட்டுவதில் அது முக்கியமானது. புல்லி இதழின் அகலமோ 2 முதல் 4.4 வரைதான், பிரித்துக் காட்டுவதில் அது பலவீனம். ஸ்கேல் செய்தபோது இரண்டுக்கும் சம ஓட்டு கொடுத்துவிட்டோம். வயதும் ரூபாயில் சம்பளமும் இருக்கும் தரவில் ஸ்கேல் செய்யாவிட்டால் வயது கணக்கிலேயே வராது என்பதும் உண்மை. அலகுகள் வேறுவேறா, ஒன்றேயா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தொடக்கமும் ஆளைக் கவிழ்க்கும். (0,0), (0,1), (10,0), (10,1) என்று நான்கு புள்ளிகள். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று குழந்தைகூடப் பிரித்துவிடும், இனர்ஷியா 1. ஆனால் தொடக்க மையங்களாக (0,0), (0,1) அமைந்துவிட்டால் கீழ்வரிசை ஒரு குழு, மேல்வரிசை ஒரு குழு. மையங்கள் (5,0), (5,1) என்று நகர்ந்து அங்கேயே நின்றுவிடும். இனர்ஷியா 100, ஆனால் அல்காரிதத்துக்குத் திருப்தி. முதல் மையம் (0,0) என்றால், கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததை எடுக்கும்போது (0,1) வருவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. 2007-இல் வந்த கே-மீன்ஸ் ப்ளஸ் ப்ளஸ், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வாய்ப்புக் கொடுக்கிறது. வர்க்கங்கள் 1, 100, 101 என்பதால் அந்த விபத்துக்கான வாய்ப்பு 202-இல் ஒன்று. மேலே உள்ள நிரலில் `n_init=10` போட்டதும் இதற்காகத்தான்: பத்து முறை தொடங்கி, இனர்ஷியா குறைந்ததை வைத்துக்கொள்ளும்.

நீள்வட்டக் குழுக்களை ஏற்றுக்கொள்ளும் காஸியன் மிக்ஸ்சர் மாடலிடம் அதே ஐரிஸைக் கொடுத்து மூன்று குழு கேட்டால், இடம் மாறுவது 5 பூக்கள் மட்டுமே. எண்ணிக்கையை நாம் சொல்லாமல் பிஐசி என்ற அளவுகோலிடம் விட்டால்? ஆர் மொழியின் `mclust` மிகச் சிறிய வித்தியாசத்தில் இரண்டையே தேர்ந்தெடுக்கிறது.